மிரட்டலுக்கு எப்போது மதிப்பு?

பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் பளிச்சென்ற வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் அதை மற்றவர்களைவிட மலிவாகத் தயாரித்தது. போட்டியாளர்கள் பலர் விலை ஏறிக்கொண்டிருந்த ரூட்டைல் கனிமத்தையோ, கழிவுக் கட்டுப்பாடுகளில் சிக்கிய கந்தக அமில முறையையோ நம்பியிருந்தார்கள். டூபான்டோ மலிவான இல்மனைட்டிலிருந்து குளோரின் முறையில் தயாரித்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே இல்மனைட்தான்.

இந்த லாபத்தைப் பார்த்து வேறொருவர் தொழிற்சாலை கட்ட வந்தால்? "வந்தால் விலையைத் தரைமட்டமாக்குவோம்" என்று மிரட்டலாம். ஆனால் அந்த மிரட்டலை யார் நம்புவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை. பழைய நிறுவனம் தனியாக இருந்தால் லாபம் 10 கோடி. புதியவர் வந்து, இருவரும் அனுசரித்துப் போனால் ஆளுக்கு 4 கோடி. விலைப்போர் மூண்டால் பழையவருக்கு 1 கோடி மிஞ்சும், புதியவருக்கு 2 கோடி நஷ்டம். புதியவர் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி யோசிப்பார்: 'நான் உள்ளே வந்துவிட்ட பிறகு, 4 கோடியை விட்டுவிட்டு 1 கோடிக்காக யார் சண்டை போடுவார்கள்?' எனவே துணிந்து வந்துவிடுவார். வெற்று மிரட்டலின் கதி இதுதான்.

இப்போது பழையவர் முன்கூட்டியே 3 கோடி போட்டு ஆலையைப் பெரிதாக்கிவிட்டார் என்று வையுங்கள். அந்தப் பணம் திரும்பாது. அனுசரித்துப் போனால் கூடுதல் ஆலை சும்மா கிடக்கும். 4 கோடியில் 3 போக மிஞ்சுவது 1. சண்டையிட்டால் ஆலை முழுவீச்சில் ஓடி, செலவு குறைந்து, எல்லாம் போக 2 கோடி தேறும். இனிச் சண்டைதான் அவருக்கே லாபம். அதைப் புரிந்துகொண்ட புதியவர் வரமாட்டார். பழையவருக்கு 10இல் 3 போக 7 கோடி.

டூபான்ட் 1972இல் வகுத்த திட்டம் ஏறக்குறைய இதுவே. மிசிசிப்பி மாநிலத்தின் டிலைல் என்ற ஊரில் பெரிய ஆலை கட்டியது. விலையையும், தன் விரிவாக்கத்துக்குப் பணம் சேரும் அளவு உயரமாகவும் போட்டியாளர்களின் விரிவாக்கத்துக்குக் கட்டுப்படியாகாத அளவு தாழ்வாகவும் வைத்ததாகப் பின்னர் குற்றம்சாட்டப்பட்டது. பொருளியலில் இதற்குத் தடுப்பு விலை என்று பெயர்.

தடுப்பு விலை மட்டும் தனியாக நின்றால் வலுவில்லை. இன்று குறைத்த விலையை நாளைக் காலையில் ஏற்றிவிடலாமே! 1982இல் பால் மில்கிராமும் ஜான் ராபர்ட்ஸும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பழையவரின் உற்பத்திச் செலவு வெளியாருக்குத் தெரியாதபோது, குறைந்த விலை ஒரு சேதியாகிறது. செலவு அதிகமுள்ளவரால் அந்த விலையில் விற்றுத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால்தான் சேதி நம்பப்படுகிறது. செலவு ஊரறிந்த விஷயம் என்றால் இந்த வித்தை பலிக்காது.

டூபான்ட் மீது 1978இல் வழக்குத் தொடுத்தது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம். மலிவாகத் தயாரிக்கத் தெரிந்தவர் ஆலையைப் பெரிதாக்குவது நியாயமான போட்டியே என்று கூறி, 1980இல் அதே ஆணையம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.