ஹெட்செட் தீர்த்த பாதிச் சண்டை

எனக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூத்த ஊழியர் ஒருவரும் இளையவர் ஒருவரும் அடுத்தடுத்த நாற்காலி. மூத்தவர் வாடிக்கையாளர்களிடம் கொள்முதல் பில்களைக் கேட்டு வாங்கிப் பதிவார். இளையவர் அவற்றை ஜிஎஸ்டி தளத்தில் 14ஆம் தேதி வரும் GSTR-2B பட்டியலோடு ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்ய வேண்டும். இருவருக்கும் பேச்சு நின்று மூன்று மாதமாகிவிட்டது. "பில் மேஜை மேல இருக்குன்னு அவகிட்ட சொல்லிடு தம்பி" என்று நடுவில் ஒரு பையன் தூது. விடுபட்ட பில்கள் 19ஆம் தேதி இரவுதான் தெரியவரும். மொத்த அலுவலகமும் பத்து மணி வரை உட்காரும்.

இந்த நிலையில் முதலாளிகள் வழக்கமாகச் செய்வது, இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கம்மா" என்பது. தலையாட்டிவிட்டு வெளியே வருவார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று யாருமே சொல்லவில்லையே! முதல் பேச்சே மூன்று பேராக நடந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: இருவரும் எதிராளியோடு பேச மாட்டார்கள், நீதிபதியிடம் வாதாடுவார்கள்.

அந்த ஆடிட்டர் இருவரையும் தனித்தனியாக, ஆளுக்கு அரை மணி நேரம், அலுவலகம் கலைந்தபின் சந்தித்தார். "நீங்க சொல்றதுல எதை அவங்க முன்னாடி பேசலாம், எதைப் பேசக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார். மூத்தவர், "மரியாதையே கிடையாது சார்" என்றார். 'மரியாதை இல்லை', 'திமிர்' போன்ற சொற்களை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. "கடைசியா எப்போ நடந்தது? அப்போ என்ன செஞ்சாங்க?" என்று கேட்டதும் விஷயம் வந்தது: "கூப்பிட்டா காதுல மாட்டினதை எடுக்கறதே இல்லை." இளையவரிடமும் அதே கேள்வி. "அக்கா போனை ஸ்பீக்கர்ல போட்டு அரை மணி நேரம் பேசறாங்க சார், நம்பரே ஓட மாட்டேங்குது. அதுக்குத்தான் மாட்டிக்கிறேன்." கொஞ்சம் தயங்கியபின் இன்னொன்று: ஒரு தொகையைத் தப்பாக அடித்தபோது, "இதுகூடத் தெரியாதா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். ஸ்பீக்கர் எரிச்சல்தான், காயம் இது.

ஸ்பீக்கர் எதற்கு என்று மூத்தவரைக் கேட்டபோது பதில் மிகச் சாதாரணமாக இருந்தது. வாடிக்கையாளர் பில் எண்களைச் சொல்லச் சொல்ல இரண்டு கையாலும் தட்டச்சு செய்ய வேண்டுமே!

அமெரிக்க நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925இல் ஆற்றிய உரையொன்றில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று; இவருக்கு வேண்டாதது நேராக மேலே அடிக்கும் வாடை. பாதி திறப்பது என்று பேரம் பேசியிருந்தால் இருவருக்குமே குறைதான். இங்கே அந்தப் பக்கத்து ஜன்னல் ஒரு ஹெட்செட்.

பிறகுதான் மூவருமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் பேசி முடித்ததும், மற்றவர் பதில் சொல்லுமுன் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஒரே விதி. கேட்க நாடகம்போலத் தோன்றும்; ஆனால் அடுத்த பதிலைத் தயார்செய்துகொண்டே கேட்கிறவரால் இதைச் செய்ய முடியாது. மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆடிட்டர் வற்புறுத்தவில்லை. கட்டாய மன்னிப்பு அடுத்த சண்டைக்கு விதை என்பது என் கருத்தும்கூட. முடிவில் ஒரு தாளில் மூன்று வரி எழுதினார்கள்: போன் ஹெட்செட்டில், தவறு கண்டால் தனியாக, அன்றே சொல்வது, விடுபட்ட பில் பட்டியல் 16ஆம் தேதி மாலைக்குள் மூத்தவர் கைக்கு.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்கக் கூடாது. புகார் பாலியல் தொல்லை என்றால் மேலாளர் சமரசம் பேச உட்காரவே கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டால்தான் அந்தக் குழுகூடச் சமரசத்துக்கு முயலலாம், அதிலும் பணம் பேசக்கூடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் பேச்சுவார்த்தை விஷயம் அல்ல.

இரண்டு வாரம் கழித்து ஆடிட்டர் மறுபடி தனித்தனியாக விசாரித்தார். "எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்ற பதிலை அவர் நம்பவில்லை. தூது போன பையனைக் கவனித்தார். தூது நின்றிருந்தது. மூன்றாவது வரி மட்டும் அந்த மாதம் தவறியது. இரண்டே நாளில் ஒப்பீடு முடியவில்லை என்றார் இளையவர். தேதியை 17 என்று திருத்தி, இருவரையும் மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னார்.