ஔவில் தொடங்குங்கள்

அகரவரிசை வாக்கியப் புதிரின் விதி எளிது. முதல் சொல் ‘அ’வில் தொடங்க வேண்டும், இரண்டாவது ‘ஆ’வில், மூன்றாவது ‘இ’யில் என்று வரிசை பிசகாமல் ‘ஔ’ வரை 12 சொற்கள். நடுவில் வேறு சொல் நுழையக் கூடாது. ஆய்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது; ஆத்திசூடியிலேயே அது சொல்லின் இரண்டாம் எழுத்தாகத்தான் வருகிறது. ஆகவே ஔவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எழுத உட்கார்ந்ததும் எல்லோரும் ‘அ’வில்தான் ஆரம்பிப்பார்கள். “அம்மா ஆட்டுக்கு இலை...” என்று ஏழெட்டுச் சொல் சரசரவென்று ஓடும். ‘ஐ’ வந்ததும் தடுமாறும், ‘ஔ’வில் நின்றுவிடும். காரணம், தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. ‘வந்தான்’, ‘கொடுத்தாள்’ போல, ஔவில் தொடங்கும் வினைமுற்று புழக்கத்தில் இல்லை. ஆகவே வாக்கியம் பெயர்ச்சொல்லில்தான் முடிந்தாக வேண்டும். ‘இது மருந்து’ என்பதுபோல் பெயரிலேயே முடிவதைத் தமிழ் ஏற்கிறது. நமக்கான வழி அதுதான். ஔவில் கையில் உள்ளவை ஔவை, ஔடதம் என்று இரண்டொன்றே.

எனவே கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதுவதே நல்லது. ஔடதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ஓகாரத்தில் ஒரு பெயரெச்சம் வேண்டும்: ‘ஓட்டிய ஔடதம்’. எப்படி ஓட்டியது? ‘ஒரேயடியாய்’. எதை? ‘ஐப்பசிச்சளியை’. யாருக்கு வந்த சளி? ‘எனக்கு ஏற்பட்ட’. பாதி வாக்கியம் முடிந்துவிட்டது, அதுவும் கடினமான பாதி.

இனி அந்த ஔடதம் எது என்று சொல்ல வேண்டும். ‘ஊட்டியதே’ என்று ஊகாரத்தில் நிறுத்தினால் இரண்டு பாதியும் பொருந்தும். முன்பாதிக்கு வினையெச்சங்கள் உதவும். ‘இடித்து’, ‘உருட்டி’ என்று ஒன்றன்பின் ஒன்றாக இணைப்புச் சொல் இல்லாமலே அவை சேரும். முழு வாக்கியம்:

“அத்தை ஆசையாய் இடித்து, ஈரத்தோடு உருட்டி, ஊட்டியதே எனக்கு ஏற்பட்ட ஐப்பசிச்சளியை ஒரேயடியாய் ஓட்டிய ஔடதம்.”

‘ஐப்பசிச்சளி’யைச் சேர்த்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பிரித்தால் ‘ச’ நுழைந்துவிடும். உண்மையான தொகைச்சொல் என்பதால் இதை நான் அனுமதிப்பேன். இடம் நிரப்புவதற்காக இரண்டு சொற்களை ஒட்டவைப்பதை அனுமதிக்க மாட்டேன். எச்சங்களிலும் கவனம் தேவை. அவை எளிதாகச் சேர்வதால், யார் எதைச் செய்தார் என்பதே தெரியாத வெறும் அடுக்காக வாக்கியம் ஆகிவிடும். சோதிக்க, கடைசிச் சொல்லிலிருந்து ‘யார், எதை, யாருக்கு’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த இடம் ஓட்டை.

உயிர்வரிசை கைவந்தபின் க, கா, கி, கீ என்று ககர வரிசைக்குப் போகலாம். ‘கௌதாரி’, ‘கௌரவம்’ என்று அங்கேயும் கடைசியில் பெயர்தான் அகப்படும். மகர வரிசைக்கு ‘மௌனம்’ இருக்கிறது. ஆனால் டகரத்திலும் ணகரத்திலும் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. அந்த வரிசைகளை விட்டுவிட வேண்டியதுதான்.