ஓடுகிறவரின் தலைக்கு மேலே ஒரு பெயர்

ஊர்க் கபடிப் போட்டியின் வீடியோவை வெட்டி ஒட்டும் இளைஞர்கள் பலருக்கும் ஒரே ஆசைதான். ரைடர் பாடிக்கொண்டு எதிரணிக் களத்துக்குள் நுழையும்போது, அவர் தலைக்கு மேலே அவர் பெயர் தெரிய வேண்டும். அவர் எங்கே போனாலும் பெயரும் கூடவே போக வேண்டும். செய்து பார்த்தால், முதல் ஒரு விநாடி பெயர் ஒழுங்காகப் போகும். பிறகு மெல்ல நழுவும், இல்லாவிட்டால் திடீரென்று பக்கத்தில் நிற்கிறவரின் தோளுக்குத் தாவிவிடும். ஏன் அப்படி ஆகிறது என்பதை டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்த்துவிடலாம். DaVinci Resolve-இன் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

கணினிக்கு ஆள் யார், தோள் எது என்பதெல்லாம் தெரியாது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டிராக்கர் என்ற கருவி, நீங்கள் காட்டும் ஒரு சிறு சதுரத்துக்குள் இருக்கும் பிக்சல்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த ஃபிரேமில் அதே மாதிரியான துண்டு எங்கே இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் தேடுகிறது. எந்த இடம் அதிகமாக ஒத்துப்போகிறதோ அதுதான் புதிய இடம் என்று குறித்துக்கொள்கிறது. அது செய்வதெல்லாம் இவ்வளவுதான். ஆகவே திரையில் இரண்டு கட்டங்கள் தெரியும். உள்கட்டம், நினைவில் வைக்க வேண்டிய துண்டு. வெளிக்கட்டம், தேட வேண்டிய எல்லை.

உள்கட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நீல ஜெர்சியின் நடுவில் வைத்தால், சுற்றிலும் ஒரே நீலம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் டிராக்கர் தடுமாறும். சரி, ஜெர்சியில் ஓடும் வெள்ளைக் கோட்டின் மேல் வைக்கலாமே என்றால், கோட்டுக்குக் குறுக்கே நகர்ந்தால் கண்டுபிடிக்கும், கோட்டின் நெடுகிலும் வழுக்கிக்கொண்டே போகும். இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைதான் வேண்டும். அது எந்தத் திசையில் நகர்ந்தாலும் வித்தியாசம் தெரியும். 1994-இல் ஜியான்போ ஷி, கார்லோ டொமாசி என்ற இரு ஆய்வாளர்கள் எந்தப் புள்ளி பின்தொடரத் தகுந்தது என்பதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அதன் சாரமும் இதுதான்.

தலையை எடுத்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். தலையின் விளிம்பைக் கட்டத்துக்குள் எடுத்தால், பின்னால் இருக்கும் கூட்டமும் பந்தல் துணியும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும். ஆள் நகர நகரப் பின்னணி மாறும்; மாறினால் துண்டு ஒத்துப்போகாது. கட்டத்துக்குள் இருப்பது முழுக்க அந்த ஆளின் உடம்பிலேயே இருக்க வேண்டும். கேமராவைப் பார்த்த பக்கத்துச் சட்டைக்கையில் வெள்ளைப் பட்டையும் தோள் தையலும் சேரும் இடம் நல்ல இடம்.

இப்போது ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 6 விநாடி, அதாவது 150 ஃபிரேம். கேமரா ஸ்டாண்டில் ஆடாமல் நிற்கிறது. படத்தின் அகலம் 1920 பிக்சல், அதில் களத்தின் நீளவாக்கில் 12 மீட்டர் தெரிகிறது. ரைடர் முதலில் நிதானமாக உள்ளே போகிறார். 70-ஆவது ஃபிரேம் முதல் 78 வரை எதிரணிக்காரர் ஒருவர் அவரை மறைத்துக்கொண்டு குறுக்கே போகிறார். 105-இல் ரைடர் திரும்பி, நடுக்கோட்டை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடிவருகிறார்.

Fusion பக்கத்தைத் திறந்தால் `MediaIn1`, `MediaOut1` என்ற இரண்டு பெட்டிகள் இருக்கும். நடுவில் ஒரு `Merge` வையுங்கள். அதன் பின்னணியில் வீடியோவும், முன்னணியில் பெயரை எழுதிய `Text+` பெட்டியும் சேரட்டும். தனியாக ஒரு `Tracker` பெட்டி எடுத்து, `MediaIn1`-இலிருந்து ஒரு கிளை அதற்கும் கொடுங்கள்.

வெளிக்கட்டத்தின் அளவைக் கண் மதிப்பில் விடாமல் கணக்குப் போட்டுவிடலாம். 12 மீட்டருக்கு 1920 பிக்சல் என்றால் மீட்டருக்கு 160. ரைடர் விநாடிக்கு 5 மீட்டர் ஓடினால் 800 பிக்சல் நகர்கிறார்; ஒரு ஃபிரேமுக்கு 32. ஆக, உள்கட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 32 பிக்சலாவது தேட இடம் வேண்டும். கொஞ்சம் தாராளமாக 45 வைக்கலாம். அதற்கு மேல் பெரிதாக்கினால் வேறு தொல்லை வரும்: பக்கத்தில் நிற்கிறவர்களும் தேடும் எல்லைக்குள் வந்துவிடுவார்கள். ஒரே அணியில் எல்லோரும் ஒரே ஜெர்சி. எதிரணிச் சட்டையிலும் அதே மாதிரி வெள்ளைப் பட்டை இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பெயர் அடுத்தவர் தோளில் போய் உட்காருவது இப்படித்தான்.

டிராக்கிங்கை முதல் ஃபிரேமிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. சட்டைப் பட்டை மிகத் தெளிவாகத் தெரியும் ஃபிரேமைத் தேடிப் பிடியுங்கள். 40-ஆவது ஃபிரேம் அப்படி இருக்கிறது என்றால், அங்கே கட்டத்தை வைத்து, பின்னோக்கி ஓட்டி 0 வரை போங்கள். மீண்டும் 40-க்கு வந்து முன்னோக்கி ஓட்டுங்கள். 69-இல் நிறுத்துங்கள்.

இங்கே `Adaptive Mode` என்ற தேர்வு ஒன்று இருக்கிறது. நழுவல் நோய்க்கு மூலகாரணம் பெரும்பாலும் இதுதான். `None` என்று வைத்தால், முதலில் காட்டிய துண்டையே கடைசி வரை தேடும். நழுவாது, ஆனால் ஆள் சற்றுத் திரும்பினாலே தொலைத்துவிடும். `Every Frame` என்றால், ஒவ்வொரு ஃபிரேமிலும் கிடைத்ததைப் புதிய மாதிரியாக எடுத்துக்கொள்ளும். திருப்பங்களைச் சமாளிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற்படும் சின்னப் பிழையும் அடுத்த மாதிரிக்குள் சேர்ந்துவிடும். ஃபிரேமுக்கு 0.2 பிக்சல் ஒரே பக்கமாகத் தவறினால்கூட, 150 ஃபிரேமில் 30 பிக்சல் தள்ளிப் போய்விடும். தோளில் தொடங்கிய புள்ளி முதுகில் முடியும். `Best Match` இரண்டுக்கும் நடுவே நிற்பது: மாற்றம் சிறிதாக இருந்தால் மாதிரியைப் புதுப்பிக்கும், பெரிதாக இருந்தால் புதுப்பிக்காது. மனித உடம்புக்கு நான் இதைத்தான் வைப்பேன்.

மறைக்கப்பட்ட 9 ஃபிரேம்களை என்ன செய்வது? டிராக்கரை அதன் வழியே ஓடவிடாதீர்கள், குறுக்கே போகிறவரைப் பிடித்துக்கொண்டு போய்விடும். 79-க்குத் தாண்டி, தோள் மறுபடி தெரியும் இடத்தில் கட்டத்தைக் கையால் வைத்து, அங்கிருந்து ஓட்டுங்கள். `Path Center` என்ற தேர்வு `Pattern Center` என்றே இருக்கட்டும். 69-க்கும் 79-க்கும் நடுவே மென்பொருள் தானாகவே ஒரு நேர்கோட்டைப் போட்டுக்கொள்ளும். ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடிதான் என்பதால், நடந்துபோகும் ஆளுக்கு அது போதும். அந்த இடைவெளியில் அவர் திசை மாறியிருந்தால் மட்டும் நடுவில் ஒரு புள்ளியைக் கையால் வையுங்கள்.

105-இல் வருவது வேறு சிக்கல். ரைடர் திரும்பியதும் அந்தத் தோள் கேமராவுக்கு மறைந்துவிடும், இனி வராது. பழைய தோளும் புதிய புள்ளியும், உதாரணமாக முதுகில் உள்ள எண்ணின் மூலை, ஒன்றாகத் தெரியும் கடைசி ஃபிரேமில் நில்லுங்கள். `Path Center`-ஐ `Track Center (append)` என்று மாற்றி, கட்டத்தை எண்ணின் மூலைக்கு நகர்த்தி, மேலே ஓட்டுங்கள். இப்போது பின்தொடரப்படுவது எண். ஆனால் பாதை பழைய தோள் விட்ட இடத்திலிருந்தே தொடரும். பெயர் குதிக்காது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாகத் தெரியாத ஃபிரேமில் இதைச் செய்தால், தூரம் தவறாகக் கணக்காகி, அந்த இடத்தில் பெயர் வெட்டி இழுக்கும்.

பாதை சரியா என்று பார்க்கப் பெயரைப் பார்த்துப் பயனில்லை. பெயர் தலைக்கு மேலே மிதப்பதால் 20 பிக்சல் பிழை கண்ணுக்குப் பிடிபடாது. `Text+`-இல் பெயருக்குப் பதில் ஒரு `+` குறி மட்டும் எழுதி, அடுத்த பத்தியில் சொல்லும் இணைப்பால் தோள்மேலேயே ஒட்டவையுங்கள். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓட்டுங்கள். தையலை விட்டு அந்தக் குறி விலகும் ஃபிரேம் எது என்று உடனே தெரிந்துவிடும். அங்கே போய் மறுபடி ஓட்டினால் போதும்.

இனி பெயரை மாட்டலாம். `Merge`-இன் `Center` மேல் வலது சொடுக்கி, `Connect To`, பிறகு `Tracker1`, பிறகு `Tracker 1: Offset Position`. பெயர் இப்போது தோளில் நிற்கும். டிராக்கரில் உள்ள `Y Offset 1`-ஐ ஏறத்தாழ 0.1 ஆக்கினால், 1080 பிக்சல் உயரத்தில் 108 பிக்சல் மேலேறி, தலைக்கு மேலே வந்துவிடும். சுழற்சி, அளவு இரண்டையும் இணைக்க வேண்டாம். ஆள் குனிந்தால் பெயரும் சாய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சாய்ந்தால் படிக்கத்தான் முடியாது.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பெயர் ஒவ்வொரு எட்டுக்கும் துள்ளும். அது பிழை அல்ல. தோள் உண்மையிலேயே துள்ளுகிறது. ஆனால் துள்ளும் எழுத்தைக் கண் படிக்காது. கேமரா அசையாத காட்சி என்றால், பக்கவாட்டு நகர்வை மட்டும் டிராக்கரிடம் விட்டுவிட்டு, உயரத்தை நிலையாக வைத்துவிடலாம். மாட்டிய இணைப்பை நீக்கிவிட்டு, `Center`-இல் `Expression` திறந்து இப்படி எழுதுங்கள்:

```
Point(Tracker1.TrackedCenter1.X, 0.78)
```

0.78 என்பது கீழிருந்து அளந்த உயரம்; படத்தின் அடி 0, உச்சி 1. உங்கள் காட்சிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கபடிக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து. ரைடர் குனிந்து காலை நீட்டினாலும் பெயர் ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போகும், படிக்கவும் வரும்.

எந்த உத்திக்கும் மசியாத கிளிப்பும் உண்டு. ஷட்டர் 1/50-இல் எடுத்திருந்தால், ஃபிரேமுக்கு 32 பிக்சல் ஓடுகிறவர் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலேயே 16 பிக்சல் நகர்ந்துவிடுவார். சட்டைப் பட்டையின் மூலை கரைந்து வெறும் தீற்றலாகும். மூலை இல்லாவிட்டால் டிராக்கருக்குப் பிடிமானம் இல்லை. 1/200 என்றால் 4 பிக்சல்தான் கரையும். பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டம் என்றால், பெயர் போடப் போகும் காட்சிகளை 1/200-இலேயே எடுத்துவிடுங்கள்.