வருஷத்துக்கு ஒருக்கா அல்ல, நாளுக்கு 42

போன எபிசோட்டில் ஒரு வேர்ஹவுஸ் கதையைத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டேன். மிச்சத்தை நியூஸ்லெட்டரில் எழுதுறன் என்று சொல்லியிருந்தேன். இதுதான் அது.

பிரம்டனில் ஒரு நடுத்தர வேர்ஹவுஸ். குழாய் வேலைக்கான சாமான்கள்: எல்போ, வால்வு, வாஷர் என்று 6,000 வகை. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் மூன்று நாள் கதவைப் பூட்டிவிட்டு, ஒஃபிஸ் ஆட்கள் உட்பட எல்லாரும் இறங்கி எண்ணுவார்கள். கொன்ராக்டில் போன எனக்குத் தந்த வேலை, அதை நிறுத்தி சைக்கிள் கவுண்டிங்குக்கு மாற்றுவது. அதாவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுவது.

மூன்று நாள் வியாபாரம் போகுது என்பதுதான் மனேஜர் சொன்ன காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. டிசம்பரில் எண்ணும்போது ஒரு பொருள் 300 குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மார்ச்சில் குறைந்ததா, ஒக்ரோபரில் குறைந்ததா? திருட்டா, தட்டச்சுப் பிழையா, தவறான தட்டில் வைத்ததா? யாருக்கும் நினைவில்லை. ஆகவே "அட்ஜஸ்ட்மெண்ட்" என்று ஒரு வரி போட்டு, கணக்கைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எது அந்தப் பிழையை உண்டாக்கியதோ, அது ஜனவரியில் திரும்பவும் வேலையைத் தொடங்கும். அதோடு மூன்றாம் நாள் களைத்துப்போய் எண்ணுகிறவர்கள் தாங்களும் புதுப் பிழைகளை விடுவார்கள்.

அட்டவணை போடுவது எளிதான கணக்குத்தான். விற்பனைப் பெறுமதியில் மேலே நிற்கும் 600 பொருட்கள் ஏ வகுப்பு, 60 நாளுக்கு ஒருதரம் எண்ண வேண்டும். அடுத்த 1,400 பொருட்கள் பி, 180 நாள். மிச்சம் 4,000 சி, வருஷத்துக்கு ஒருதரம். வருஷத்துக்கு ஏறத்தாழ 3,600 + 2,800 + 4,000 = 10,400 எண்ணல்கள். 250 வேலைநாளால் பிரித்தால் நாளுக்கு 42. காலையில் ஓடர் எடுக்கத் தொடங்குமுன் இரண்டு பேர் முடித்துவிடலாம்.

திங்கள் இது, செவ்வாய் அது என்று கலண்டரில் நான் போடவில்லை. ஒரு நாள் ஆள் வராவிட்டால் அப்படியான கலண்டர் அதோடு குழம்பிவிடும். அதற்குப் பதில், ஒவ்வொரு பொருளும் தன் தவணையில் எத்தனை பங்கைக் கடந்திருக்கிறது என்று பார்த்து, முந்தியிருப்பதை முதலில் எடுக்கிறோம்:

```sql
SELECT item_no
FROM items
ORDER BY (CURRENT_DATE - last_count) * 1.0
         / count_days DESC
LIMIT 42;
```

இன்று விட்டுப்போனது நாளைக்குத் தானாக மேலே வரும். PostgreSQL இறங்குவரிசையில் NULL-ஐ முதலில் வைப்பதால், ஒருமுறையும் எண்ணாத புதுப் பொருளும் மேலேயே வந்து நிற்கும்.

இதிலே நான் ஒரு மொக்குப் பிழை விட்டேன். டிசம்பரில் எல்லாவற்றையும் எண்ணியிருந்தபடியால் 6,000 பொருளுக்கும் `last_count` ஒரே திகதி. 60-ஆல் பிரிக்கும் எண் எப்போதும் 365-ஆல் பிரிப்பதைவிடப் பெரிதுதானே. முதல் மூன்று கிழமை முழுக்க ஏ வகுப்பு மட்டும் வந்தது. அது முடிந்ததும் பி வரும் என்று பார்த்தால், திரும்பவும் ஏ! எண்ணுகிற அக்கா வந்து, "தம்பி, இந்த வால்வை இந்த மாசம் ரெண்டாந்தரம் எண்ணுறன், அது குட்டி போடாது" என்றார். அப்படியே விட்டிருந்தால் பி வகுப்புக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும், சி-க்கு அதைவிடவும் கூட. ஒவ்வொரு பொருளின் தொடக்கத் திகதியையும் அதன் தவணைக்குள் சீரில்லாமல் பின்தள்ளிவிட்டதும் சரியானது. தணிக்கைக்காக உண்மையான திகதியை வேறு கொலத்தில் வைத்துக்கொண்டேன்.

எண்ணுகிறவருக்கு கணினியில் எத்தனை இருக்கிறது என்று ஸ்கானர் காட்டாது. காட்டினால், 352-ஐப் பார்க்கும் கண் 352-ஐத்தான் காணும். எண்ணி முடியும்வரை அந்த இடத்தில் யாரும் எடுக்கவோ வைக்கவோ முடியாதபடி பூட்டிவிடுகிறோம். வித்தியாசம் வந்தால் உடனே திருத்துவதில்லை. முதலில் வேறொருவர் திரும்ப எண்ணுவார். பிறகு பக்கத்துத் தட்டுகளையும், இன்னும் முடியாத ஓடர்களையும் பார்ப்போம். அதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், கடைசியாக எண்ணிய நாளிலிருந்து அந்தப் பொருளின் வரவு செலவு முழுவதையும் எடுப்போம்.

ஒரு காலை, ஒரு பித்தளை எல்போ கணினியில் 412, தட்டில் 352. அறுபது குறைவு. ஐந்து கிழமைக்கு முன் எண்ணியபோது சரியாக இருந்தது. அந்த ஐந்து கிழமைக்குள் ஒரே ஒரு வரவு: 30 பெட்டி. 60-ஐ 30-ஆல் பிரித்தால் பெட்டிக்கு மிகச்சரியாக இரண்டு. போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பத்து. கணினியில் பெட்டிக்குப் பன்னிரண்டு. சப்ளையர் பெட்டியின் அளவை மாற்றியிருக்கிறார், எங்கள் பொருட்பட்டியலில் யாரும் மாற்றவில்லை. அதே சப்ளையரின் மற்றப் பொருட்களையும் திறந்து பார்த்தோம். இன்னும் ஏழில் அதே கதை. பழைய முறை என்றால், வருஷம் முழுக்க ஒவ்வொரு வரவும் இப்படியே பொய்யாக ஏறி, வேறு பிழைகளோடும் கலந்து, டிசம்பரில் எதாலும் பிரிபடாத ஒரு எண்ணாக நின்றிருக்கும்.

ஆனால் மனேஜர் முதலில் கேட்டது, "அண்டைக்கு ரிசீவிங்கில நிண்டது யார்?" என்று.

நின்றது அங்கே 15 வருஷம் வேலை செய்யும் ஒரு அண்ணா. 30 பெட்டி வந்தது, 30 என்று ஸ்கான் செய்தார். அவர் விட்ட பிழை எதுவுமில்லை. மத்தியானம் சாப்பாட்டறையில் என்னிடம் வந்து, "தம்பி, முந்தி வருஷக் கடைசியில ஓவர்டைமாவது வந்தது. இப்ப அதும் இல்லை, பிழை பிடிபட்டா என்ர பேர்தான் முதல் வருது, என்ன?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தடம் ஆறுமுன் பிடிப்பதுதான் இந்த முறையின் பலம். அந்தத் தடத்தில் கடைசியாகத் தெரிவது எப்போதும் ஒரு லொகின் பெயர். அதை நான் யோசிக்காமலே ரிப்போர்ட்டில் போட்டிருந்தேன்.

அன்று பின்னேரம் வித்தியாச ரிப்போர்ட்டிலிருந்து பெயர்க் கொலத்தை எடுத்துவிட்டு, "காரணம்" என்று ஒரு கொலம் போட்டேன்: பெட்டி அளவு, தவறான தட்டு, பதியாத உடைவு, எண்ணல் பிழை, தெரியாது. காரணம் போடாமல் திருத்தத்தைச் சேமிக்க முடியாது. பெயர் லொக்கில் இருக்கிறது, திருட்டுச் சந்தேகம் என்றால் தேடி எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு காலையும் மேசையில் வந்து விழாது. மனேஜர் முணுமுணுத்தார். முதல் மாத ரிப்போர்ட்டில் பெட்டி அளவும் தவறான தட்டும்தான் மேலே நின்றன. அதைப் பார்த்தபிறகு பெயர் கேட்பது குறைந்தது, நிற்கவில்லை. ஓவர்டைம் போனதற்கு என்னிடம் தீர்வு இல்லை. காலை எண்ணலுக்கு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை.

முதல் டிசம்பரில் பழையபடி முழுவதையும் எண்ணினோம். எந்த ஓடிட்டரும் வெறும் வாக்கை நம்பி அதை விடச் சொல்லமாட்டார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதைப் பார்த்தபிறகு, அடுத்த வருஷம் அவர் சொல்லாமல் ஒரு காலையில் வந்து, அக்காவோடு சேர்ந்து 42-ஐயும் எண்ணிவிட்டுப் போனார்.