பெயரில்லாப் படவுருக்களை இடம் கொண்டு அறிதல்: வடசென்னைக் கடலும் கப்பல் வரைபடமும்

கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் மரைன் டிராஃபிக் என்ற செயலி கிரேக்க நாட்டில் தோன்றியது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் இருப்பவர் அதைத் திறந்தால் வண்ண அம்புகளும் வட்டங்களும் மட்டுமே தெரியும். தொடும்வரை எந்தக் குறிக்கும் பெயர் வராது. ஆயினும் இப்பகுதியை அறிந்தவர் அவற்றுள் பலவற்றின் பொருளை ஊகித்துவிடலாம். எந்தப் பொருள் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை அவர் முன்பே அறிந்திருப்பதே காரணம்.

முதலில் திசை. வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் கடல் வலப்புறம் அமையும். கீழே சென்னைத் துறைமுகம், அதையொட்டி வடக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வெகு மேலே எண்ணூர் காமராசர் துறைமுகம். இம்மூன்றையும் அடையாளம் கண்ட பிறகே குறிகளைப் பார்க்க வேண்டும்.

வடிவத்தை அறிவது எளிது. துறைமுகத்துக்குள் தளமேடையை ஒட்டி நிற்பவை வட்டங்கள். வெளிக்கடலில் சிதறி நிற்கும் வட்டங்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். அம்புகளோ சில நிமிடங்களில் இடம் மாறிவிடும். ஆகவே வட்டம் நிற்பதையும் அம்பு ஓடுவதையும் குறிக்கும். அம்பின் முனையே கப்பல் செல்லும் திசை. கரையில் நின்று கண்ணுக்குத் தெரியும் ஒரு கப்பலைத் திரையில் உள்ள குறியோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

நிறத்துக்குச் சற்று உழைக்க வேண்டும். எண்ணூரில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கும் தளத்தில் பச்சைக் குறி நிற்கிறது. இதைக் கொண்டு பச்சை என்றால் நிலக்கரி என்று முடிவு செய்வது இயல்பு, ஆனால் தவறு. சென்னைத் துறைமுகத்தின் சரக்குப்பெட்டக முனையத்தில் நிற்பதும் பச்சையே. இரண்டுக்கும் பொதுவானது சரக்குக் கப்பல் என்பதுதான். பாரதி கப்பல்துறையின் எண்ணெய்த் தளத்தில் நிற்பது சிவப்பு. எண்ணூரில் எரிவாயு இறக்கும் கப்பலும் சிவப்பு. எனவே சிவப்பு என்பது எண்ணெய் மட்டுமன்று, திரவமாகக் கொண்டு வரப்படும் எதையும் ஏற்றும் டேங்கர். ஒரே இடத்தைப் பார்த்து ஊகித்ததை இன்னோர் இடத்தில் சோதித்துப் பார்ப்பதே இம்முறையின் உயிர். துறைமுக வாயிலில் பெரிய கப்பலோடு ஒட்டி வந்து, பிறகு தனியே திரும்பும் சிறு வெளிர்நீலக் குறி எதுவென்று காசிமேட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது இழுவைப் படகு.

2017 சனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள், எண்ணெயுடன் உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் ஆகிய இரண்டுமே டேங்கர்கள். இத்தகைய செயலியில் இரண்டும் ஒரே சிவப்புதான். எதனுள் என்ன இருக்கிறது என்பதை நிறம் சொல்லாது.

குறிகளைத் தவிர வரைபடச் செயலிகளின் ஓரங்களில் பொத்தான்களும் உண்டு. இவற்றில் தொல்லை தருவது புனல் படம். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் பார்த்துப் பழகியவருக்கு அது எதையோ நிரப்புவதாகத் தோன்றும். உண்மையில் அது வடிகட்டி. அதை அழுத்தி ஒரு வகைக் கப்பலின் தேர்வை நீக்கினால் அந்த நிறமே திரையிலிருந்து மறைந்துவிடும். செயலியை மறுமுறை திறக்கும்போதும் அந்தத் தேர்வு அப்படியே இருக்கக்கூடும். பாரதி கப்பல்துறையில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லையென்றால், துறைமுகம் காலி என்று எண்ணுமுன் புனலைத் திறந்து பார்ப்பது நல்லது.

குறி இல்லாத இடத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். மீனவர் குடும்பங்களுக்கு இதுவே முக்கியம். இக்குறிகள் தானியங்கி அடையாளக் கருவி அனுப்பும் வானொலிச் சைகையிலிருந்து வருபவை. பன்னாட்டுக் கடல் விதிப்படி, அயல்நாடுகளுக்குச் செல்லும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்களுக்கு அக்கருவி கட்டாயம். கட்டுமரத்திலும் பைபர் படகிலும் அது பொதுவாக இருப்பதில்லை. காசிமேட்டிலிருந்து நூறு படகுகள் சென்றிருந்தாலும் திரையில் கடல் வெறுமையாகவே தோன்றலாம். படகின் குறி தென்படவில்லை என்பதால் அதற்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பதறக் கூடாது. குறிகள் இல்லாத வழியில் படகுகளே இல்லை என்று கப்பலில் இருப்பவரும் நம்பக் கூடாது.

கருவியுள்ள கப்பலின் குறியும் சில வேளை ஏமாற்றும். கரையிலுள்ள வாங்கியின் எல்லையைத் தாண்டிய கப்பல், கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே சிறிது காலம் காட்டப்படும். குறியைத் தொட்டால் வேகமும் கடைசிச் சைகை வந்த நேரமும் தோன்றும். நேரம் யூ.டி.சி. என்று குறிக்கப்பட்டிருந்தால் இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘நங்கூரமிட்டுள்ளது’ போன்ற நிலைக்குறிப்பைக் கப்பல் ஊழியரே கையால் மாற்றுகிறார், மறந்துவிடுவதும் உண்டு. வேகம் 10 நாட் என்றும் நிலை நங்கூரம் என்றும் இருந்தால் வேகத்தைத்தான் நம்ப வேண்டும்.