அறை நீண்டால் கணக்கும் நீள வேண்டும்

நீளம், அகலம், உயரம் மூன்றும் எக்செல் தாளில் B1, B2, B3 கட்டங்களில் மட்டும் இருக்கட்டும். கதவு, ஜன்னல் பரப்பு B4. மற்றதெல்லாம் சூத்திரம்தான். சுவர்ப் பூச்சுக்கும், இரண்டடிச் சதுர டைல்ஸுக்கும்:

```
=2*(B1+B2)*B3-B4
=ROUNDUP(B1*B2*1.05/4,0)
```

1.05 என்பது வெட்டுச் சேதாரத்துக்கான ஐந்து சதவீதம். 12க்கு 10 அடி அறை, உயரம் 10, கழிவு 37 சதுர அடி என்றால் பூச்சு 403 சதுர அடி, டைல்ஸ் 32. நீளத்தை 14 ஆக்கினால் 443, 37 என்று தானே மாறும்.

அவசரத்தில் யாராவது சூத்திரத்தின் மேல் வெறும் எண்ணைத் தட்டிவிட்டால் அந்தக் கட்டம் உறைந்துவிடும். மொத்தத் தொகை பார்க்கச் சரியாகவே தெரியும். ஆகவே ஒப்பந்தக்காரருக்கு அனுப்புமுன் B1ஐ மாற்றி, அசையாத கட்டத்தைத் தேடுங்கள். ஆனால் நீளும் அறைக்குத் தடித்த உத்தரம் வேண்டுமா என்பது தாளுக்குத் தெரியாது. அதைப் பொறியாளரிடம்தான் கேட்க வேண்டும்.