புகைப்படத்தில் வந்த வரைபடம்

ஜெர்மனியில் வரைந்த ஒரு தண்டின் வரைபடம், கைபேசிப் படமாகக் கடைசல் பட்டறைக்கு வருகிறது. மொழிபெயர்ப்பு வலது கீழ் மூலையிலுள்ள தலைப்புக் கட்டத்தில் தொடங்க வேண்டும். பொருள் C45 எஃகு. இந்தக் குறியீட்டை அப்படியே விட வேண்டும். அளவுவிகிதம் 1:2 என்றிருந்தாலும் புகைப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. சாய்வாக எடுத்த படம் அளவைத் திரிக்கும்.

குறிப்புகளில்தான் அகராதி ஏமாற்றும். ‘காண்டன் கெப்ரோஹன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘விளிம்புகள் உடைந்தவை’ என்றாகும். ‘கூர் விளிம்புகளை மழுக்கவும்’ என்பதே பொருள். ஜெர்மன் எண்ணில் 25,5 என்பது இருபத்தைந்தரை. காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றியே எழுத வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது Ø25 h6 என்ற குறியில். சிறிய h தண்டுக்கு உரியது: விட்டம் 24.987 முதல் 25.000 மி.மீ. வரை இருக்கலாம். அதைப் பெரிய H என்று படித்தால் வரம்பு 25.000 முதல் 25.013 ஆகிவிடும், வழுக்கிச் செல்ல வேண்டிய தண்டு துளையில் இறுகி நிற்கக்கூடும். தனி வரம்பு எழுதாத 80 மி.மீ. நீளத்துக்குக் கட்டத்திலுள்ள ISO 2768-m பொருந்தும், அதன்படி 0.3 மி.மீ. கூடலாம், குறையலாம்.

எழுத்து மங்கலாக இருந்தால் ஊகிக்காதீர்கள். அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள்.